கேன் விசிறிக்கோடுகள்: சொல்லும் பொருளும், சோதிக்க முடியுமா என்ற கேள்வியும்

பங்குச்சந்தை சார்ட்டில் ஒரு பெரிய லோவில் இருந்து வலப்பக்கமாக, விரித்த விசிறியின் குச்சிகளைப் போல ஒன்பது நேர்கோடுகள் கிளம்பினால் அதை ஆங்கிலத்தில் ‘கேன் ஃபேன்’ என்பார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லஃப்கின் என்ற ஊரில் 1878-ல் பிறந்து 1955-ல் இறந்த டபிள்யூ. டி. கேன் என்ற வணிகரின் பெயர்தான் முன்னொட்டு. விலை இந்தக் கோடுகளைத் தொட்டுத் திரும்பும் என்பதே இந்த முறையின் நம்பிக்கை. கோடுகள் கிளம்பும் இடத்தை ‘பிவட்’ என்கிறார்கள். விலை கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ திரும்பிய இடம் என்பதால் ‘திருப்புமுனை’ என்பதே பொருந்தும்.

கேன் இந்தக் கோடுகளை ‘கோணங்கள்’ என்றே அழைத்தார். அவர் காலத்தில் அது சரியாகவே இருந்தது. கையில் இருந்தது சதுரக் கட்டத்தாள். ஒரு கட்டம் ஒரு நாள், ஒரு கட்டம் விலையில் ஓர் அலகு என்று வைத்து வரைந்தால், நாளுக்கு ஓர் அலகு ஏறும் கோடு தாளில் 45 பாகையில்தான் நிற்கும். அதுவே 1×1. நாளுக்கு இரண்டு அலகு, மூன்று, நான்கு, எட்டு என ஏறுபவை அதற்கு மேலே நிற்கும். இரண்டு, மூன்று, நான்கு, எட்டு நாளுக்கு ஓர் அலகு ஏறுபவை அதற்குக் கீழே. செங்குத்தான கோட்டைச் சிலர் 2×1 என்றும், சிலர் 1×2 என்றும் எழுதுகிறார்கள். விலையை முதலில் சொல்வதா, நேரத்தையா என்பதில்தான் வேறுபாடு. இங்கே விலையே முதலில்.

திரையில் இந்தக் கோணத்துக்குப் பொருள் இல்லை. சார்ட்டை மேலும் கீழும் இழுத்தால் 45 பாகை 20 ஆகும், 70 ஆகும். கோடு குறிக்கும் விலை மட்டும் மாறாது. ஆகவே தமிழில் ‘கோணம்’ என்பதைவிட ‘சாய்வு’ என்பதே சரி. முழுப் பெயராகக் ‘கேன் விசிறிக்கோடுகள்’ என்றும், விளக்கமாக ‘விலை–நேரச் சாய்கோடுகள்’ என்றும் எழுதலாம். 2×1 கோட்டுக்குப் பல இடங்களில் 63.75 பாகை என்று போட்டிருக்கும். இரண்டுக்கு ஒன்று என்ற சாய்வின் உண்மையான கோணம் 63.43. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் பாகையை வைத்து வரைபவருக்கும் விகிதத்தை வைத்து வரைபவருக்கும் நாள் ஆக ஆகக் கோடுகள் விலகிப்போகும். விகிதத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு மிக எளிது:

```
கோட்டின் விலை = P0 + r × s × t
```

P0 திருப்புமுனையின் விலை. t அங்கிருந்து கடந்த நாட்கள். r என்பது 8, 4, 3, 2, 1, 1/2, 1/3, 1/4, 1/8 என்ற விகிதங்களில் ஒன்று. மிச்சம் இருப்பது s, அதாவது ஒரு நாளுக்கு எத்தனை புள்ளி என்ற அளவை. விசிறி சோதனைக்கு நிற்குமா நிற்காதா என்பதை இந்த ஓர் எழுத்துதான் தீர்மானிக்கிறது.

நிஃப்டியில் பார்க்கலாம். 2020 மார்ச் 24 அன்று தொட்ட லோ 7511.10. அங்கிருந்து ஏறி 2021 அக்டோபர் 19 அன்று 18604.45 என்ற ஹை; காலண்டர் கணக்கில் 574-வது நாள். பிறகு இறங்கி 2022 ஜூன் 17 அன்று 15183.40, அது 815-வது நாள்.

அளவையை நாளுக்கு 10 புள்ளி என்று வைப்போம். உருண்டையான எண், யாரும் முதலில் எடுப்பது. 574-வது நாளில் 2×1 கோடு 18991-ல் இருக்கும். விலை அதைத் தொடாமல் 387 புள்ளி கீழேயே திரும்பிவிட்டது. 815-வது நாளில் 1×1 கோடு 15661-ல் இருக்கும். விலை அதை உடைத்து 478 புள்ளி கீழே போனது. ஒரு கோடு உடைந்தால் விலை அடுத்த கோட்டைத் தேடிப் போகும் என்பது இந்த முறையின் முக்கிய விதி. அடுத்ததாகிய 1×2 அன்று 11586-ல் இருந்தது. நிஃப்டி அந்தப் பக்கமே போகவில்லை. 2022 டிசம்பர் 1 அன்று 18887.60 என்று புது உச்சம் கண்டது. அதாவது விதி தோற்றது.

இப்போது அளவையை 10-ல் இருந்து 9.5 ஆக மாற்றுங்கள். 2×1 கோடு 18417-க்கு வருகிறது, ஹைக்கு 187 புள்ளி அருகில். 1×1 கோடு 15254-க்கு வருகிறது, லோவுக்கு 70 புள்ளி அருகில். இரண்டு பெரிய திருப்பங்களும் விசிறியில் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குள் ‘பொருந்திவிட்டன’. தோற்ற விதி அரைப் புள்ளி மாற்றத்தில் அற்புதமாகத் தெரிகிறது. 9.5 என்ற எண்ணை 2020-ல் யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அது 2022-ஐப் பார்த்த பிறகு கிடைக்கும் எண். டிரேடிங் நாட்களை மட்டும் எண்ணினால் ஆண்டுக்கு 365-க்குப் பதில் சுமார் 250 நாள் வரும், அப்போது விசிறி முழுவதுமே வேறு.

TradingView என்ற சார்ட் தளத்தில் `Gann Fan` கருவியை எடுத்தால் முதல் கிளிக் திருப்புமுனை, இரண்டாவது கிளிக் 1×1 கோடு போகும் இடம். அந்த இரண்டாவது கிளிக்தான் s. விலை ஏற்கெனவே திரும்பிய ஓர் இடத்தில் அதை வைத்தால், கோடு அந்த இடத்தை ‘மதித்தது’ என்று பிறகு சொல்வதில் அர்த்தமே இல்லை. `Lock price to bar ratio` என்பதைத் தட்டினால் தோற்றம் மாறாமல் நிற்கும், அவ்வளவுதான்; அளவை சரியா என்று அது சொல்லாது. மடக்கை அளவில் சார்ட்டை வைத்தால் மேலே சொன்ன கணக்கின்படி வரும் கோடுகள் வளையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆக, பொதுவாகச் சொல்லப்படும் விசிறி சோதிக்கத் தக்கதல்ல. ஆனால் சோதிக்கத் தக்கதாக ஆக்க முடியும். அதற்கு நான்கு முடிவுகளை விலையைப் பார்க்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். திருப்புமுனை எது: உதாரணமாக, லோவில் இருந்து முடிவு விலை 20 சதவீதம் ஏறினால் அது திருப்புமுனை. அளவை எது: நிலையான புள்ளிகளைவிட, திருப்புமுனை விலையில் நாளுக்கு 0.1 சதவீதம் என்பது போன்றது நல்லது; 1000-ல் இருந்த நிஃப்டிக்கும் 7500-ல் இருந்த நிஃப்டிக்கும் 10 புள்ளி ஒன்றல்ல. தொடுதல் எது: கோட்டுக்கு அரை சதவீதத்துக்குள் வந்தால். வெற்றி எது: தொட்ட பிறகு, கோட்டுக்கு அந்தப் பக்கம் 2 சதவீதம் போவதற்கு முன்பு இந்தப் பக்கம் 2 சதவீதம் திரும்பினால்.

இரு பக்கமும் ஒரே தூரம் வைப்பதற்குக் காரணம் உண்டு. போக்கு இல்லாத விலையில் எந்தக் கோட்டை வரைந்தாலும் ஏறக்குறைய பாதி முறை திரும்பும். நிஃப்டி நீண்டகாலமாக ஏறும் குறியீடு என்பதால், மேலிருந்து தொடும் கோடுகளில் பாதிக்கும் கூடுதலாகவே திரும்பலாம். அது கேனின் சாதனையல்ல. எனவே அதே திருப்புமுனையில் இருந்து, 1.3, 0.7, 2.6 என்று ஏதோ விகிதங்களில் போலி விசிறிகள் நூற்றுக்கணக்கில் வரைந்து அதே விதியில் எண்ண வேண்டும். உண்மை விசிறி அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறதா என்பதே கேள்வி. நூறு தொடுதல்களில் 50-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 56 வந்தால் அது தற்செயலாகவே வரக்கூடியது. 60-க்கு மேல் போனால்தான் நின்று பார்க்கலாம். அதிலும் ஒரே வாரத்தில் ஒரே கோட்டை நான்கு முறை தொட்டதை நான்காக எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும்.

இன்னொரு இடத்திலும் பலர் வழுக்குவார்கள். மார்ச் 24 லோ திருப்புமுனை என்று மார்ச் 24 அன்று யாருக்கும் தெரியாது. மேலே சொன்ன 20 சதவீத விதிப்படி நிஃப்டி 9013-ஐத் தாண்டி முடிய வேண்டும்; அது ஏப்ரல் 9 அன்றுதான், 9111.90-ல் நடந்தது. அந்த நாளுக்கு முன் விசிறியில் நடந்த எந்தத் தொடுதலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. விசிறியின் கோடுகள் மிக நெருக்கமாக இருப்பதும், எதையாவது தொட்டே தீருவதும் முதல் சில நாட்களில்தான். அவற்றைச் சேர்த்தால் எண்ணிக்கை வேகமாக உயரும், ஆனால் அப்போது விசிறியே வரையப்பட்டிருக்காது.