டைம் சிக்னேச்சர்: கையொப்பமா, தாளக்குறியா?

மேற்கத்திய இசைத்தாளை எடுத்தால், ஐந்து கோடுகளின் இடது முனையில், எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் கிளெஃப் முதலில் இருக்கும். அடுத்து கீ சிக்னேச்சர், அதை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள். அந்த எண்களுக்குப் பெயர்தான் டைம் சிக்னேச்சர். சிக்னேச்சர் என்றதும் 'கையொப்பம்' என்று பெயர்த்துவிடத் தோன்றும். ஆனால் சொல்லின் வேர் லத்தீன் 'சிக்னும்'. அதற்கு அடையாளம், குறி என்று பொருள். கையெழுத்து என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆகவே இங்கே 'குறி' என்பதே சரி.

அது குறியாகத்தான் பிறந்தது என்பதற்கு இன்றும் ஒரு சான்று இருக்கிறது. 4/4 என்று எழுதவேண்டிய இடத்தில் சில தாள்களில் C போல ஒன்று இருக்கும். அது ஆங்கில எழுத்து இல்லை, பாதி வட்டம். இடைக்கால ஐரோப்பியச் சுரலிபியில் முழு வட்டம் மூன்றாகப் பகுப்பதையும், பாதி வட்டம் இரண்டாகப் பகுப்பதையும் காட்டியது. அந்தப் பாதி வட்டம்தான் இன்றுவரை வந்திருக்கிறது.

எண்களில் கீழே இருப்பது சுரத்தின் அளவு. இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. நம் பின்னப் பெயர்கள் அச்சாகப் பொருந்துகின்றன: முழுச்சுரம், அரை, கால், அரைக்கால், வீசம். கீழே 4 என்றால் கால்சுரம், 8 என்றால் அரைக்கால்சுரம். மேலே இருப்பது ஒரு பாரில், அதாவது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே, அவை எத்தனை என்பது.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். கணக்கில் 6/8-ஐச் சுருக்கினால் 3/4. இசையில் அப்படிச் சுருக்க முடியாது. இரண்டிலும் ஒரு பாரில் ஆறு அரைக்கால்கள்தான் அடங்குகின்றன. ஆனால் 3/4 அவற்றை இரண்டிரண்டாக மூன்று தட்டுக்குப் பிரிக்கிறது: தக, தக, தக. 6/8 மும்மூன்றாக இரண்டே தட்டுக்குப் பிரிக்கிறது: தகிட, தகிட. 6/8-இல் மேலே ஆறு இருப்பதால் ஆறு தட்டு என்று எண்ணக்கூடாது. மெதுவான பாட்டில் ஆறாக எண்ணுவது உண்டு, அப்போதும் அழுத்தம் ஒன்றிலும் நான்கிலும்தான். ஒரு தட்டின் அளவு மூன்று அரைக்கால், அதாவது புள்ளி வைத்த கால்சுரம். புள்ளி, சுரத்தோடு அதன் பாதியையும் சேர்க்கிறது.

ஒரு பாரை எடுத்துப் பார்ப்போம். மேற்கத்திய சுரங்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர், அரைச்சுரம் இறக்கிய பி-தான் பி ஃபிளாட். எஃப் கால்சுரம், அப்புறம் ஜி, ஏ, பி ஃபிளாட், சி நான்கும் அரைக்கால். கூட்டினால் ஆறு அரைக்கால். 6/8-இல் எஃப், ஜி இரண்டும் முதல் தட்டு, ஜி தனிக்கொடியோடு நிற்கும். மற்ற மூன்றும் ஒரே குறுக்குக்கோட்டில் கட்டப்பட்டு இரண்டாம் தட்டு. அதே சுரங்களை 3/4-இல் எழுதினால் எஃப் முதல் தட்டு, ஜி-ஏ இரண்டாவது, பி ஃபிளாட்-சி மூன்றாவது. சுரமும் நீளமும் மாறவில்லை. அழுத்தம் மட்டும் ஏ-யிலிருந்து ஜி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நகர்ந்துவிட்டது, பாட்டே வேறாகிவிட்டது. எண்ணைக் கவனிக்காவிட்டாலும் அந்தக் குறுக்குக்கோடு உண்மையைச் சொல்லிவிடும். 3/4-இல் சில நேரம் ஆறு அரைக்கால்களையும் ஒரே கோட்டில் கட்டுவார்கள். 6/8-இல் வழக்கமாக மூன்று மூன்றாகவே கட்டுவார்கள்.

டைம் சிக்னேச்சருக்குத் 'தாளக்குறி' என்ற சொல்லை நான் ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. நம் தாளத்துக்குத் தட்டு, வீச்சு, விரலெண்ணிக்கை என்று உறுப்புகள் உண்டு. இந்த எண்கள் அவற்றைச் சொல்வதில்லை. தட்டின் உட்பிரிவை நாம் நடை என்போம். 6/8 என்பது இரண்டு தட்டுத் திசிர நடைக்கு நெருக்கம்.

கீ சிக்னேச்சருக்குச் 'சுருதிக்குறி' என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மேலே சொன்ன பாருக்கு முன்னால், டிரெபிள் கிளெஃப் என்றால் நடுக்கோட்டில், ஒரு ஃபிளாட் இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அது திரும்ப வரும். தாளக்குறியோ முதல் வரியில் மட்டும், பிறகு மாறும் இடத்தில் மட்டும். அந்த ஃபிளாட் சொல்வது இவ்வளவுதான்: எந்த உயரத்தில் வந்தாலும் பி-யை அரைச்சுரம் இறக்கி வாசி. ஆதார சுரம் எது என்று அது தீர்மானிப்பதில்லை. எஃப்-ஐ ஆதாரமாகக் கொண்ட எஃப் மேஜருக்கும் டி-யை ஆதாரமாகக் கொண்ட டி மைனருக்கும் இதே ஒரு ஃபிளாட்தான். ஆகவே 'சுரமாற்றக்குறி' என்பதே பொருந்தும். இரண்டில் எது என்று அறிய, கடைசிச் சுரம் எஃப்-இலா டி-யிலா அமர்கிறது என்று பாருங்கள். நடுவில் சி-க்கு முன்னால், அதை அரைச்சுரம் ஏற்றும் ஷார்ப் அடிக்கடி தென்பட்டால், பெரும்பாலும் அது டி மைனர்.