நீங்களாக வேலையை விட்டால் ஈ.ஐ கிடைக்குமா?

கனடாவில் "நானாகத்தானே விட்டேன், எனக்கு எங்கே காசு தரப்போகிறார்கள்" என்று ஈ.ஐ எனப்படும் வேலையற்றோர் காப்புறுதிக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தானாக விட்டவருக்குப் பொதுவாகக் கிடைக்காது என்பது சரிதான். ஆனால் நியாயமான காரணம் இருந்தால் கிடைக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காரணம் நல்லதா என்று மட்டும் சர்வீஸ் கனடா பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் வேலையை விடுவதைத் தவிர நியாயமான வேறு வழி இருந்ததா என்பதே கேள்வி. துன்புறுத்தல், உடல்நலத்துக்கு ஆபத்து, சம்பளத்திலோ வேலையிலோ பெரிய மாற்றம், பிள்ளையைப் பார்க்கவேண்டிய கடமை, துணைவரோடு வேறு ஊருக்குப் போகவேண்டிய நிலை எல்லாம் சட்டத்திலேயே இருக்கின்றன. அப்படி ஒன்று இருந்தாலும் இந்தக் கேள்வி போகாது.

ஒரு கற்பனை உதாரணம். ஸ்காபரோவில் ஒரு வேர்ஹவுஸில் பகல் ஷிப்ட் செய்யும் தாய். திங்கட்கிழமையிலிருந்து இரவு ஷிப்ட் என்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை. கணவருக்கும் இரவு வேலை. கோபத்தில் வெள்ளிக்கிழமையே, "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், பெரும்பாலும் மறுப்புத்தான். காரணம் உண்மையானது, ஆனால் அவர் எதையும் முயன்று பார்க்கவில்லை.

அதே தாய், பகல் ஷிப்ட்டிலேயே வைத்திருக்கும்படி சூப்பர்வைசருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். வேறு பிரிவுக்கு மாற்றும்படி கேட்கிறார். இரவில் பிள்ளையைப் பார்க்க ஆள் தேடுகிறார், வேறு வேலையும் தேடுகிறார். ஒன்றும் சரிவராமல்தான், இரவு ஷிப்ட்டையும் பிள்ளையையும் குறிப்பிட்டே விலகல் கடிதம் எழுதுகிறார். இப்போது அவர் பக்கம் வலுவானது. அந்த மின்னஞ்சல்களைத் தன் சொந்தத் தொலைபேசியில் சேமித்திருக்க வேண்டும். வேலை போனதும் கம்பனிக் கணக்கைத் திறக்க முடியாது.

முதலாளி அனுப்பும் வேலைப் பதிவில், அதாவது ஆர்.ஓ.ஈ.யில், "E" என்று போட்டிருந்தால் தானாக விட்டதாகப் பொருள். அதோடு கதை முடிவதில்லை. அதிகாரி வழக்கமாக இரு பக்கமும் கேட்பார். நியாயமான காரணம் இருந்ததைக் காட்டவேண்டியது விட்டவர்தான். ஆனாலும் இரு பக்கச் சான்றும் சரிசமமாக இருந்தால், சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

மறுக்கப்பட்டால் இழப்பு பெரிது. அந்த வேலையிலும் அதற்கு முந்தைய வேலைகளிலும் சேர்த்த மணித்தியாலங்கள் வழக்கமான ஈ.ஐ.க்குக் கணக்கில் வராது. புதிய வேலையில் திரும்பவும் சேர்க்க வேண்டும். அதனால் மறுப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம்.