போன புகையை இன்ஜின் ஏன் திரும்ப இழுக்கிறது?

அண்ணனின் டீசல் கார் ஒருநாள் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கைக் காட்டியது. மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்திருந்தது. மெக்கானிக் ஒரு குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் தார் போலக் கரி ஒட்டியிருந்தது. "இ.ஜி.ஆர். வால்வுதாங்க பிரச்சினை. ஒரு தகடு வெச்சு அடைச்சிட்டா பிக்கப் பிரமாதமா இருக்கும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அடைக்க வேண்டாம், கழுவி மாட்டச் சொல்லுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இ.ஜி.ஆர். என்பது சிலிண்டரை விட்டு வெளியேறும் புகையில் ஒரு பகுதியைப் பிடித்து, மறுபடியும் காற்று உள்ளே போகும் பாதையில் கலந்துவிடும் ஏற்பாடு. எரிந்து முடிந்த புகையில் சக்தி ஏதும் இல்லை. அதை எதற்கு உள்ளே விட வேண்டும்?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கோத்திருப்பதால் சாதாரணமாக அது எதனோடும் சேராது. அடுப்புத் தீயில்கூட பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். ஆனால் டீசல் இன்ஜினுக்குள் சுடரின் ஓரத்தில் வெப்பம் 2,200 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைந்து தனி அணுக்களாகின்றன. ஒரு தனி ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கிப் பிளந்து, ஒரு நைட்ரஜன் அணுவைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு (NO) ஆகிறது. தனித்து விடப்பட்ட இன்னொரு நைட்ரஜன் அணு, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னொரு NO ஆகிறது. சோவியத் விஞ்ஞானி யாகோவ் செல்டோவிச் 1940களில் விளக்கிய வழி இது.

இந்த வினை வெப்பத்துக்கு ஏற்ப மாறும் வேகம் அசாதாரணமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சுடரை 2,230 டிகிரியிலிருந்து 2,130 டிகிரிக்கு இறக்கினால் போதும், NO உருவாகும் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வெறும் நூறு டிகிரிக்கு இவ்வளவு! அதனால் இன்ஜின் முழுவதையும் குளிர்விக்க வேண்டியதில்லை. உச்சத்தில் இருக்கும் அந்தச் சுடரின் முனையை மட்டும் கொஞ்சம் தணித்தால் போதும்.

உருவான NO திரும்பிப் பிரிந்துவிடாதா என்று கேட்கலாம். நேரம் கிடைத்தால் பிரியும். ஆனால் 2,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 15 மில்லி விநாடிதான். வாயு விரிந்து சட்டென்று ஆறிவிடுவதால், சூட்டில் பிறந்த NO பிரிய நேரமில்லாமல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே வருகிறது. வெளிக்காற்றில் அது நைட்ரஜன் டை ஆக்சைடாகி நுரையீரலை எரிக்கிறது. வெயிலில் மற்ற புகைகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனையும் உண்டாக்குகிறது.

சரி, புகை எப்படிச் சுடரைத் தணிக்கிறது? ஒரு கணக்கு போடுவோம். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். உள்ளே போவதில் 30 சதவீதம் புகை என்றும், அந்தப் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் 10 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், கலவையில் ஆக்சிஜன் 17.7 சதவீதமாகிறது. டீசல் சுடர், தான் எரியத் தேவையான ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில்தான் நின்று எரியும். ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பெற அது முன்பு 4.76 லிட்டர் காற்றை இழுத்தது, இப்போது 5.65 லிட்டர் கலவையை இழுக்க வேண்டும். டீசல் அதே அளவுதான், வெளிவரும் வெப்பமும் அதேதான். ஆனால் அதைச் சுமக்க இப்போது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வாயு கூடுதலாக இருக்கிறது. அதே கரண்டி சூட்டைப் பெரிய பாத்திரத்தில் பரப்பியது போல, உச்ச வெப்பம் நூறு, இருநூறு டிகிரி இறங்கிவிடுகிறது. தவிர, புகையில் இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனைவிட அதிகச் சூட்டை உள்வாங்கும். ஆனால் டீசலில் பெரிய பங்கு ஆக்சிஜன் நீர்த்துப்போவதற்குத்தான்.

வெளியேறும் புகையே சூடானதுதானே, அது எப்படித் தணிக்கும் என்ற சந்தேகம் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. சில நூறு டிகிரியில் இருக்கும் புகை, 2,200 டிகிரி சுடருக்கு எதிரே குளிர்ச்சிதான். அதையும் கூலர் வழியாக விட்டு ஆற்றிவிட்டால், அதே கொள்ளளவில் அதிக வாயு அடங்கும், பலனும் கூடும்.

பெட்ரோல் இன்ஜினில் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யாது. அதனால் ஆக்சிஜனைக் குறைக்காமல், காற்று நுழையும் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டிலை இன்னும் கொஞ்சம் திறந்து, கூடுதல் இடத்தில் புகையை நிரப்புகிறார்கள். புகை சூட்டை வாங்கிக்கொள்கிறது; திராட்டில் வழியே மூச்சு முட்டி இழுக்கும் வேலை குறைவதால் பெட்ரோலும் மிச்சமாகிறது. டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரின் 1.8 லிட்டர் இன்ஜினில் கூலரோடு கூடிய இ.ஜி.ஆர். வைத்ததில் அந்தச் சிக்கனத்துக்கும் பங்குண்டு. ஆனால் பெட்ரோலில் அளவு மிஞ்சினால் சுடர் மெதுவாகப் பரவி, இன்ஜின் திக்கித் திணறும். சுமார் 20 சதவீதத்துக்கு மேல் போவது சிரமம். டீசல், இலேசான சுமையில், பாதிக்குப் பாதி புகையைக்கூடத் தாங்கும்.

தாங்கினாலும் விலை உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் கரி அதிகமாகும். முழு ஆக்சிலரேட்டரில் இ.ஜி.ஆர். மூடிக்கொள்வது அதனால்தான், அப்போது கிடைக்கிற ஆக்சிஜன் முழுதும் தேவை. உலர்ந்த கரி குழாயில் வந்தால் ஓரளவு ஊதிப் போய்விடும். ஆனால் இன்ஜின் அடிப்பெட்டியிலிருந்து வரும் ஆயில் ஆவியும் காற்று உள்ளே போகும் அதே இன்டேக் பாதையில்தான் சேர்கிறது. இரண்டும் கலந்து, அண்ணன் வண்டியில் பார்த்த அந்தத் தாராகிறது. நகரத்துக்குள் குட்டிக்குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டிகளில் இது சீக்கிரம் படியும்.

வால்வு மூடியே சிக்கிக்கொண்டால் ஓட்டத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஸ்கேனரில் P0401, அதாவது புகை ஓட்டம் போதவில்லை என்று வரும். திறந்தே சிக்கினால் கறுப்புப் புகை, இழுவைக் குறைவு. கழற்றாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஐட்லிங்கில் ஸ்கேனரால் வால்வைத் திறக்கச் சொல்லி, காற்று அளக்கும் சென்சாரைக் கவனிக்க வேண்டும். 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசலில், மூடியிருக்கும்போது ஒரு உறிஞ்சலுக்கு 400 மில்லிகிராம் காற்று வந்தால், திறந்ததும் அது 240-க்கு இறங்கலாம். அந்த 160 மில்லிகிராம் இடத்தைப் புகை பிடித்துக்கொண்டது. எண் அசையவே இல்லையென்றால் பாதை அடைத்திருக்கிறது, அல்லது வால்வு ஒரே நிலையில் சிக்கியிருக்கிறது.

அண்ணன் வண்டியில் வால்வு திறந்தபடியே சிக்கி, எண் அசையாமல்தான் இருந்தது. வால்வையும் இன்டேக்கையும் கழுவிய பிறகு அசைந்தது, இழுவையும் திரும்பியது. தகடு வைத்திருந்தாலும் இழுவை திரும்பியிருக்கும், கறுப்புப் புகைகூடக் குறைந்திருக்கும். நம் ஊரில் டீசல் வண்டிக்கு எடுக்கும் புகைச் சோதனை, புகையின் கறுப்பை மட்டும்தான் அளக்கிறது. NO-வுக்கோ நிறமே இல்லை. தகடு வைத்த வண்டி பல மடங்கு NO-வைக் கக்கிக்கொண்டே சோதனையில் முன்பைவிட நன்றாகத் தேறிவிடும்.