இன்னும் ஒரு துண்டு: கஞ்சா ஏன் சிலரைப் பீதியில் தள்ளுகிறது

2014 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கஞ்சாவைக் கடை வைத்து விற்பது சட்டப்படி தொடங்கியது. அதைப் பற்றி எழுத அந்த மாதமே டென்வர் நகரத்துக்குப் போனார் நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மௌரீன் டவுட். கஞ்சா சேர்த்த ஒரு சாக்லேட் பாரை வாங்கிவந்து ஓட்டல் அறையில் ஓரத்தில் கொஞ்சம் கடித்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கடித்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. சுமார் ஒரு மணி நேரம் இப்படியே போனது.

அப்புறம் உடம்பிலும் மூளையிலும் ஒரு நடுக்கம் ஓடியது. மேசையிலிருந்து கட்டில்வரை போவதே பெரும்பாடாக இருந்தது. அடுத்த எட்டு மணி நேரம் அவர் சுருண்டு கிடந்தார். தாகம் எடுத்தது, எழுந்து தண்ணீர் எடுக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. சாப்பாடு கொண்டுவரும் பணியாளர் கதவைத் தட்டி, பதில் இல்லாவிட்டால் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார் என்று பயந்தார். கடைசியில், தான் செத்துப்போய்விட்டதாகவும் அதை யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றும் நம்பினார். இதையெல்லாம் அந்த ஜூன் மாதம் அவரே எழுதினார். பலர் அவரைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி நியாயமாகப் படவில்லை. அவர் உடம்பில் நடந்ததை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்த்தால், மன தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும்.

முதல் படி, வாய் வழி. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். புகையாக இழுத்தால் அது நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். புகைப்பவருக்கு ஏறுவது உடனே தெரிகிறது, போதும் என்று தோன்றினால் நிறுத்த முடிகிறது. சாப்பிட்டால் கதை வேறு. குடலிலிருந்து அது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அதில் ஒரு பகுதி, மூளைக்குள் இன்னும் எளிதாக நுழையும் வேறொரு போதைப்பொருளாக மாறுகிறது. இதற்கெல்லாம் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். உச்சத்துக்குப் போக இரண்டு முதல் நான்கு மணி நேரம். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னும் ஒரு துண்டு வாய்க்குள் போகிறது. வட இந்தியாவில் ஹோலிக்குக் குடிக்கும் ‘பாங்’ என்ற கஞ்சா பானத்திலும் இதே சிக்கல்தான்.

டவுட் வாங்கிய மாதிரி பாரைப் புதிதாகச் சாப்பிடுபவர்கள் 16 துண்டாக வெட்டிச் சாப்பிட வேண்டும் என்று பிறகு ஒருவர் அவரிடம் சொன்னாராம். உறையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. இன்று கொலராடோவில் ஒரு வேளை அளவு என்பது 10 மில்லிகிராம் டிஎச்சி. இவ்வகைத் தின்பண்டங்களை அந்த அளவுக்குத் தனித்தனியாகப் பிரித்தே விற்க வேண்டும் என்ற விதி 2015இல் வந்தது.

சரி, அளவு கூடினால் போதை கூடலாம். பயம் ஏன் வர வேண்டும்? கொஞ்சமாக எடுக்கும்போது பலருக்கு அமைதியைத் தரும் அதே பொருள், கூடும்போது ஏன் அப்படியே திரும்புகிறது?

இதற்கு மூளையின் சொந்தச் சரக்கைப் பார்க்க வேண்டும். டிஎச்சி போய் உட்காரும் ஏற்பிகள் நம் நியூரான்களில் ஏற்கெனவே இருக்கின்றன. கஞ்சாவுக்காக அவை அங்கே இல்லை. மூளையே தயாரிக்கும் ஒரு பொருளுக்கான இடம் அது. 1992இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். நமக்குத் தெரிந்த அதே ‘ஆனந்தம்’தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது.

ஆனந்தமைடின் வேலை பிரேக் போடுவது. ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். செய்தி அளவுக்கு மீறினால், வாங்கும் நியூரான் ஆனந்தமைடையோ அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பொருளையோ தயாரித்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். அது அனுப்பிய நியூரானின் முனையில் உள்ள ஏற்பியில் உட்கார்ந்து, ‘கொஞ்சம் குறை’ என்று சொல்லும். தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட சில நொடிகளுக்கு மட்டும். அப்புறம் அது சிதைந்துவிடும்.

டிஎச்சிக்கு இந்த நிதானம் கிடையாது. மூளை முழுக்கப் பரவுகிறது, மணிக்கணக்கில் இருக்கிறது, கண்ட இடத்திலெல்லாம் பிரேக்கை அழுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், இந்த ஏற்பிகள் இரண்டு எதிரெதிர் வகை நியூரான்களிலும் இருக்கின்றன. ஒரு வகை மூளையைக் கிளப்பிவிடுவது, இன்னொரு வகை அடக்குவது. கிளப்புவதற்குப் பிரேக் போட்டால் அமைதி வரும். அடக்குவதற்கே பிரேக் போட்டால்? காவல்காரரைத் தூங்கவைத்த மாதிரி. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி கட்டுப்பாடில்லாமல் கத்தத் தொடங்கிவிடும்.

சுண்டெலிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். டிஎச்சி போல வேலை செய்யும் ஒரு மருந்தைக் குறைவாகக் கொடுத்தால் சாதாரண எலி அமைதியாகிறது, கூடுதலாகக் கொடுத்தால் பதறுகிறது. கிளப்பும் நியூரான்களில் மட்டும் இந்த ஏற்பி இல்லாதபடி மரபணுவை மாற்றிய எலிகளுக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. அடக்கும் நியூரான்களில் ஏற்பி இல்லாத எலிகளுக்கோ பதற்றம் வரவில்லை. ஒரே சாவிக்கு இரண்டு பூட்டு. எது திறக்கிறது என்பதை அளவு தீர்மானிக்கிறது.

மனிதர்களில் அந்த எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதைச் சிகாகோவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. 2017இல் வெளியான அந்த ஆய்வில் ஆரோக்கியமான 42 பேர் கலந்துகொண்டார்கள். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள், ஆனால் தினமும் எடுப்பவர்கள் அல்ல. சிலருக்கு வெறும் மாத்திரை, சிலருக்கு 7.5 மில்லிகிராம் டிஎச்சி, மற்றவர்களுக்கு 12.5. பிறகு அவர்களை ஒரு போலி நேர்முகத் தேர்வில் உட்காரவைத்து, மனக்கணக்காக எண்களைக் கழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். 7.5 எடுத்தவர்கள் வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே பதறினார்கள், சீக்கிரம் தெளிந்தார்கள். 12.5 எடுத்தவர்களின் மனநிலை சோதனை தொடங்கும் முன்பே கெட்டுவிட்டது, எதிரே இருந்த வேலை அவர்களுக்கு மிரட்டலாகத் தெரிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் 5 மில்லிகிராம்தான்! ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுத்ததிலேயே இப்படி. வெளியே கைமாறும் கஞ்சாவில் எவ்வளவு இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995 வாக்கில் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014இல் சுமார் 12 சதவீதமாகிவிட்டது.

ஆனால் மூளையில் பிரேக் நழுவுவது பாதிக் கதைதான். மீதிப் பாதி நெஞ்சுக்குள் நடக்கிறது. டிஎச்சி இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை ஏற்றிவிடும். 75 துடித்துக்கொண்டிருந்தது 115 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படியேறினால் இதே 115 வரும், நாம் கவனிக்கவே மாட்டோம், ஏனென்றால் காரணம் தெரியும். இங்கே நீங்கள் சும்மா சோபாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாய் உலர்கிறது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. ‘ஹார்ட் அட்டாக்கோ?’ என்ற எண்ணம் வந்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது. ஏறியதே அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. உடம்பின் சாதாரண அறிகுறியைப் பேராபத்தாகத் தவறாகப் படிப்பதுதான் பீதியின் அச்சாணி என்று 1986இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். கஞ்சா இதில் இன்னொன்றையும் சேர்க்கிறது: காலத்தை இழுத்துவிடும். பத்து நிமிடம் ஒரு மணி நேரம்போலத் தோன்றும்போது, ‘இது முடியவே முடியாது’ என்று நம்பாமல் என்ன செய்வது?

இந்த இரண்டாம் பாதிக்குக் கஞ்சாவே தேவையில்லை என்பதற்குக் காபி சாட்சி. காபி வேறு ஏற்பியில் வேலை செய்கிறது, ஆனந்தமைடோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனாலும் பீதி நோய் உள்ளவர்களுக்கு 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ காஃபீன் கொடுத்த ஆய்வுகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பீதி வந்தது. அந்த நோய் இல்லாதவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. காஃபீன் எல்லோர் உடம்பிலும்தான் வேலை செய்திருக்கும். அதைப் படித்த விதம்தான் வேறு. மது இதே இடத்துக்குப் பின்பக்கமாக வருகிறது. குடிக்கும்போது மூளையின் அடக்கும் வேலை கூடுகிறது, மூளை அதை ஈடுகட்டத் தன்னைக் கிளப்பிக்கொள்கிறது. விடிந்ததும் மது போய்விடும், கிளப்பல் மட்டும் மிஞ்சும். முந்தின இரவு நன்றாகக் குடித்தவருக்குக் காலையில் காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது இதனால்தான். கொக்கெய்னுக்கு இந்தச் சுற்றுவழியே தேவையில்லை, நேராக உடம்பின் அபாய மணியை அடித்துவிடும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஆய்வுக்கூடத்தில் செய்த போலிக் கஞ்சா. டிஎச்சி அந்த ஏற்பியை அரைகுறையாகத்தான் அழுத்தும், இவற்றில் பல முழுதாக அழுத்திவிடும்.

இப்படிப் பதறி வருபவருக்கு மருத்துவமனையில் செய்வது பெரும்பாலும் எளிமையானது: வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, பக்கத்தில் ஒருவர், ‘இது எடுத்த பொருளின் வேலை, சில மணி நேரத்தில் இறங்கிவிடும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு குரல். மிகவும் பதறினால் பதற்றத்தைத் தணிக்கும் வகை மருந்து கொஞ்சம். ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி, மயங்கி விழுவது, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் அதைப் பீதி என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது. 108ஐ அழைத்து, என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தை தெரியாமல் தின்றிருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ஒரு சாக்லேட்டில் உள்ளது அந்தச் சின்ன உடம்பில் மூச்சையே மந்தமாக்கலாம்.

சிலருக்கு அந்த இரவோடு இது முடிவதில்லை. போதை இறங்கி வாரங்கள் ஆன பிறகும், பஸ்ஸில் நிற்கும்போது துடிப்பு கொஞ்சம் ஏறினால்கூட அதே பயம் திரும்புகிறது. பொருள் உடம்பை விட்டுப் போய்விட்டது, ‘வேகமான துடிப்பு என்றால் சாவு’ என்று மூளை கற்ற பாடம் தங்கிவிட்டது. அதை அழிக்க உளவியல் சிகிச்சையாளர்கள் ஒரு பயிற்சி கொடுப்பார்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்த பிறகு, மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கச் சொல்வார்கள். துடிப்பு 120ஐத் தாண்டியதும் உட்காரவைத்து, மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணச் சொல்வார்கள். 120, 112, 101, 90. மறுநாள் அதே படியில் மறுபடியும்.