எவ்வளவு நேரம் அவிய விடவேணும்?

“அக்கா, எவ்வளவு நேரம் அவிய விடவேணும்?” என்று திருகோணமலைச் சந்தையிலிருந்து வந்த கையோடு தங்கச்சி தொலைபேசியில் கேட்டால், அக்கா திருப்பிக் கேட்பது இதைத்தான்: “எதை? எவ்வளவு? எதில வைக்கிறாய்?”

பையில் இருப்பது கணவாய் என்று வைப்போம். வளையமாக வெட்டிக் கொதிக்கிற குழம்பில் போட்டால் இரண்டு நிமிடத்தில் மெத்தென்று இருக்கும். பத்து நிமிடம் விட்டால் ரப்பர். முக்கால் மணி நேரம் விட்டால் திரும்பவும் மெத்தென்று ஆகிவிடும். கணவாய்த் தசைக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. சூடு ஏறியதும் அவை சுருங்கி, தசையை இறுக்கி நீரைப் பிழிந்துவிடும். சூட்டிலேயே தொடர்ந்து கிடந்தால் அதே இழைகள் மெல்லக் கரைந்து ஜெலட்டினாகும், இறுக்கமும் விட்டுப்போகும். பத்தாவது நிமிடத்தில் கடித்துப் பார்த்து, “கூட அவிஞ்சிட்டுது” என்று இறக்குகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது இன்னும் அவிய வேண்டியது.

பாரை மீன் என்றால் கதை வேறு. அதில் கொலாஜன் குறைவு. துண்டின் நடுப்பகுதி 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானாலே போதும். ஆனால் நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். 2 சென்ரிமீற்றர் தடித்த துண்டுக்குக் கொதிக்கிற குழம்பில் ஏறத்தாழ 4 நிமிடம் பிடிக்கும். 4 சென்ரிமீற்றர் துண்டுக்கு 8 அல்ல, 16 நிமிடம். வெந்ததா என்று பார்க்க முள்ளோரம் சதையை விலக்கினால் போதும்: கண்ணாடி போல் தெரிந்தால் வேகவில்லை, வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிந்தால் சரி.

அளவு குழப்புவது கொதி வரும்வரைதான். சட்டிக்குள் ஒரு கிலோவாட் வெப்பம் சேரும் அடுப்பில், 28 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றர் கொதிக்க 5 நிமிடமாகும், நாலு லீற்றர் கொதிக்க 20 நிமிடமாகும். கொதித்த பிறகு ஒரு துண்டென்றாலும் பத்துத் துண்டென்றாலும் மீன் வேகும் நேரம் ஒன்றுதான். குளிர்ந்த மீனை ஒரேயடியாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும். அப்போது நேரத்தை மறுபடி கொதி வந்த பிறகு எண்ணுவதே நல்லது, கரையோரத் துண்டுகள் கொஞ்சம் முந்திக்கொண்டாலும்.

பாத்திரத்துக்கு வருவோம். மெல்லிய அலுமினியச் சட்டியில் அடுப்பை அணைத்தவுடன் கொதி நின்றுவிடும். மண்சட்டி சூடாகவே நேரமெடுக்கும், ஆனால் இறக்கிய பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் மண்சட்டியில் வைக்கிற தங்கச்சி, முள்ளோரம் இன்னும் கொஞ்சம் கண்ணாடி போல் இருக்கும்போதே இறக்கி மூடிவிட வேண்டும்.