புகையும் பெருந்தமனியின் புடைப்பும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற அவருடைய அப்பாவுக்கு வயது 68. இளம் வயதிலிருந்தே பீடி. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று எடுத்த வயிற்று ஸ்கேனில், கேட்டதற்குப் பதிலோடு, வயிற்றுப் பெருந்தமனியின் விட்டம் 3.4 செ.மீ. என்ற வரியும் இருந்திருக்கிறது. 'அப்பாவுக்கு வலி எதுவும் இல்லை, நன்றாக நடக்கிறார். இதைப் பொருட்படுத்த வேண்டுமா?' என்று கேட்கிறார்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரு கால்களுக்குமாகப் பிரிகிறது. சிறுநீரகங்களுக்குக் கீழே அதன் விட்டம் சுமார் 2 செ.மீ.; 3 செ.மீ.யை எட்டினால் அது புடைப்பு. பெரும்பாலான புடைப்புகளில் வலி இருப்பதில்லை. குழாய் அடைபடவில்லை, அகன்றிருக்கிறது. ஆகவே கால்களுக்கு ரத்தம் குறைவின்றிப் போகிறது, உடலுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

சுவர் ஏன் இளகுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தமனிச் சுவரில் எலாஸ்டின் என்ற இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் விரிந்து மீள்வது இவற்றால். உடல் இந்த இழைகளைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே ஏறக்குறைய முழுவதும் நெய்து முடித்துவிடுகிறது. முதியவரின் தமனியில் உழைப்பது பெரும்பாலும் அவர் பிள்ளையாக இருந்தபோது உருவான இழையே. சிறுநீரகங்களுக்குக் கீழே இந்த அடுக்குகள் நெஞ்சுப் பகுதியில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், புடைப்பும் பெரும்பாலும் அங்கேயே வருகிறது.

புகையால் தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைந்து, எலாஸ்டினை வெட்டும் நொதிகளை வெளியிடுகின்றன. வெட்டுப்பட்ட துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. அவையே மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன, வந்தவை மேலும் வெட்டுகின்றன. இழப்பை ஈடுகட்டப் புதிய எலாஸ்டின் ஒழுங்காக உருவாவதில்லை. அதன் பிறகு சுமை முழுவதும் கொலாஜன் என்ற விறைப்பான இழையின் மேல் விழுகிறது; அதுவும் அரிக்கப்படும்போது சுவர் வெளியே தள்ளுகிறது. புகைப்பவரின் நுரையீரல் நெகிழ்வை இழந்து காற்றுப்பை விரிந்துபோவதும் ஏறத்தாழ இதே எலாஸ்டின் இழப்பால்தான்.

தொடங்கிய புடைப்பு தனக்குத்தானே தீனி போட்டுக்கொள்ளும். குழாய்ச் சுவரின் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிய அளவில் ஏறும். 2 செ.மீ. குழாய் 3.4 ஆனால், ரத்த அழுத்தம் மாறாவிட்டாலும் இழுவிசை 1.7 மடங்கு, சுவர் மெலிந்திருந்தால் அந்தச் சுமையைத் தாங்கும் கனமும் குறைவு. சைக்கிள் டியூபில் ஓரிடம் புடைத்தால் அடுத்த பம்ப் அடியில் அந்த இடமே மேலும் புடைப்பதும் இதனால்தான்.

வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை; பலர் மருத்துவமனைக்கே வந்து சேர்வதில்லை. குழாய் புகைத்தவரான ஐன்ஸ்டீன் 1955இல் இறந்தது இதனால்தான். 1948இலேயே அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசென் அவருடைய புடைப்பைச் செலஃபேன் தாளால் சுற்றி வைத்திருந்தார். அன்று வேறு நல்ல வழி இல்லை.

இன்று அல்ட்ராசவுண்டில் சில நிமிடங்களில் விட்டம் தெரிந்துவிடும், கதிர்வீச்சு இல்லை. குடலில் காற்று நிறைந்திருந்தாலோ உடல் பருமனாக இருந்தாலோ படம் மங்கலாகும் என்பதே முக்கிய இடர். பிரிட்டனில் 65 முதல் 74 வயது வரையிலான ஏறத்தாழ 68,000 ஆண்களை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த மரணங்கள் நான்கு ஆண்டுகளில் சுமார் 42 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே 65 வயதாகும் ஆண்கள் எல்லோருமே அழைக்கப்படுகிறார்கள். அமெரிக்க வல்லுநர் குழு, 65 முதல் 75 வயதுக்குள், வாழ்நாளில் 100 சிகரெட்டாவது புகைத்த ஆண்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கப் பரிந்துரைக்கிறது. பெண்களுக்கு இந்நோய் வெகு குறைவு, புகைக்காதவர்களிடமும் அப்படியே. அவர்களையும் மொத்தமாக ஸ்கேன் செய்தால், பலனைவிட வீண் கலக்கமும் தேவையற்ற அறுவையும் மிஞ்சக்கூடும்.

100 சிகரெட் என்ற அந்தக் கணக்கில் பீடியைச் சேர்க்காமலிருக்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் கருத்து. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வேறு காரணத்துக்காக வயிற்று ஸ்கேனுக்கு வரும் முதியவர்கள் ஏராளம். அந்த மேசையிலேயே பெருந்தமனியையும் அளந்து எழுதுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடுகூட வேண்டியதில்லை.

வாசகியின் அப்பாவுக்கு இப்போது அறுவை வேண்டாம். ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ.யை எட்டும்போதுதான் அதைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முன்பே அறுத்தால் ஆயுள் கூடுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. இந்த அளவுப் புடைப்புகள் சராசரியாக ஆண்டுக்கு 2 மி.மீ. அளவில் வளரும், புகைப்பவரிடம் இன்னும் விரைவாக. எனவே பீடியை நிறுத்துவதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், ரத்தநாள மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை, மீண்டும் அளப்பதும் போதும். முதுகிலோ அடிவயிற்றிலோ திடீரென்று கடும் வலி வந்தால், அதை வாயு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வலி சிறுநீரகக் கல் வலியைப் போலவே இருந்து மருத்துவரையும் ஏமாற்றக்கூடியது. ஆகவே உள்ளே நுழைந்ததும் முதலில் 3.4 செ.மீ. என்று எழுதிய அந்த ஸ்கேன் தாளைக் காட்டுங்கள்.