இயந்திரத்தை லீஸுக்கு எடுத்தால் வரி மிச்சமா?

“லீஸுக்கு எடுங்கள், வாடகை முழுவதையும் செலவாகக் காட்டலாம். வாங்கினால் வெறும் தேய்மானம்தான்.” லீஸ் விற்க வந்தவர் சொன்ன இதை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஓர் அச்சகக்காரருக்கு மூன்றாம் வருடம் வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், தவணை முடிந்ததும் பெயரளவு தொகைக்கு இயந்திரம் அவருடையதாகும் என்று ஒரு வாசகம் இருந்தது. பல நாடுகளில் அந்த ஒரு வாசகமே லீஸைக் கடன் கொள்முதலாக்கிவிடும். மேலே ‘லீஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதை அதிகாரி பார்ப்பதில்லை. கழித்த வாடகை செல்லாது என்றார்கள், நிலுவை வரிக்கு வட்டியும் சேர்ந்தது. லீஸ் நிறுவனம் ஆடிட்டரிடம் போகச் சொன்னது, ஆடிட்டர் வரி அலுவலகத்துக்கு அனுப்பினார், அலுவலகம் “நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வாருங்கள்” என்றது. அந்தக் கடிதம் வரவே இல்லை. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே கடைசிப் பக்கத்தை ஆடிட்டரிடம் காட்டி, இது எந்த வகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஒப்பந்தம் உண்மையான வாடகைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. இயந்திரத்தின் விலை 10 லட்சம், ஆயுள் 5 வருடம், வரி 30 சதவீதம் என்று கொள்வோம். லீஸ் வாடகை வருடம் 2.4 லட்சம். கடனுக்கு வாங்கினால், விலையை ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்துக் கழிக்கும் தேய்மானம் வருடம் 2 லட்சம். இதோடு கடன் வட்டியையும் கழிக்கலாம், அதைத்தான் விற்க வருபவர் சொல்லாமல் விடுகிறார். 10 சதவீத வட்டி என்றால் முதல் வருடமே 1 லட்சம். ஆக, கழிவு 3 லட்சம், லீஸைவிட அதிகம்.

ஐந்து வருடத்தில் கடனுக்குக் கட்டுவது, வருடத் தவணையாகக் கணக்கிட்டால், வட்டியோடு சுமார் 13.2 லட்சம். வரி மிச்சம் போகக் கையைவிட்டுப் போவது 9.2 லட்சம். பழைய இயந்திரம் 1 லட்சத்துக்கு விலைபோனால், அதற்கும் வரி கட்டியபின் 70,000 திரும்பும், மிச்சச் செலவு 8.5 லட்சம். லீஸில் மொத்தம் 12 லட்சம், வரி மிச்சம் போக 8.4 லட்சம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பழைய விலை 2 லட்சமானால் வாங்குவதே மலிவு. தீர்மானிப்பது மறுவிற்பனை விலைதான். வாடகைக் கழிவு இல்லை.

இன்னொரு பொறி: வரியே கட்டாதவருக்கு இந்த மிச்சம் கிடையாது. நஷ்டத்தில் இருப்பவருக்கு, பிற்கால லாபத்தில் கழிக்க விதி இடம் கொடுத்தால்தான் பயன். விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று வரி கட்டுபவர்கள் எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க முடியாது. அவர்கள் வரியை மறந்துவிட்டு, கட்டும் தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.